கருத்தரங்கில் ஒருமுறை சந்தித்தவருக்கு ஒரு பெண் எழுதும் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தாருங்கள் என்று கடித வரைவுகளை என்னிடம் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கருத்தரங்கில் சந்தித்த ஒருவருக்குத் தொடர்ந்து எழுதலாமா, எழுதினால் எப்படி எழுதுவது என்ற தயக்கம் அவர்களில் பலருக்கும் இருப்பதால், அவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டாக ஒரே ஒரு கடிதத்தைத்தான் வைத்துக்கொள்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளியின் வரலாற்று ஆசிரியை ஒருவர், மதுரையில் நடந்த ஏரிப் பாசனக் கருத்தரங்கில் சந்தித்த நீர்வளத்துறைப் பொறியாளர் ஒருவருக்கு எழுதியது அது. அவருடைய அனுமதியோடு, பெயர்களை நீக்கிவிட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு முறை, அதுவும் பத்து நிமிடம் பேசியவருக்குக் கையால் கடிதம் எழுதினால் அவர் என்ன நினைப்பார்?

அந்தப் பத்து நிமிடத்தில் முடியாமல் நின்றுபோன பேச்சு ஏதாவது இருந்ததா என்பதைப் பொறுத்தது அது. எங்கள் ஆசிரியை மதிய உணவு வரிசையில் நின்றபோது, தம் ஊர் ஏரிக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்களின் படத்தைப் பொறியாளரிடம் காட்டியிருக்கிறார். அது குமிழித் தூம்பு, அந்தக் காலத்து மதகு, அடியில் இருக்கும் கல்தொட்டியின் துளைகள் வழியாகத்தான் தண்ணீர் வெளியேறும், ஏரி வற்றியதும் துளைகளை அளந்து பாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் அடுத்த அமர்வுக்கு மணி அடித்துவிட்டது. பேச்சு பாதியில் நின்றதாலும், அவர் சொன்ன வேலை ஒன்று ஆசிரியையின் கையில் இருந்ததாலும், அந்தக் கடிதம் அவருக்கு எதிர்பாராததாக இருந்திருக்கலாமே தவிர, விபரீதமாகத் தோன்ற வழியில்லை.

மாறாக, அவருடைய உரை பிடித்திருந்தது, அவரிடம் பேசியது மகிழ்ச்சியாக இருந்தது என்பது மட்டுமே உங்கள் செய்தியானால், கைப்பேசியில் இரண்டு வரி அனுப்பினால் போதும். அந்த இரண்டு வரியைத் தாளில் எழுதி உறையிலிட்டு அனுப்பும்போது, சொல்லாத ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறதோ என்று படிப்பவர் தேடத் தொடங்குவார். ஆசிரியைக்குத் தாளை எடுக்க வேறொரு காரணமும் இருந்தது. அளவுகளைப் படமாக வரைந்து காட்ட வேண்டியிருந்தது.

கருத்தரங்கு முடிந்து எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும்?

இரண்டு வாரத்துக்குள் எழுதிவிடுவது நல்லது, ஏனெனில் பல ஊர்க் கூட்டங்களுக்குப் போய்வருபவருக்கு முகங்கள் விரைவில் கலந்துவிடும். அவர் சொன்ன வேலையைச் செய்து முடித்துவிட்டு எழுதுவதானால் ஒரு மாதம் வரை ஆனாலும் குறையில்லை. தாமதத்துக்குத் தனியே மன்னிப்புக் கேட்க வேண்டாம், செய்து முடித்த வேலையே தாமதத்தின் காரணத்தைச் சொல்லிவிடும்.

அவருடைய முகவரியை எங்கே பெறுவது?

கருத்தரங்கில் தரும் ஆய்வுக்கோவையிலோ கட்டுரைச் சுருக்கத் தொகுப்பிலோ, ஒவ்வொரு கட்டுரையாளரின் பெயருக்குக் கீழும் அவர் பணிபுரியும் நிறுவனம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த அலுவலக முகவரிக்கே எழுதுங்கள். அவரே தம் கையால் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தால் ஒழிய, வேறொருவரிடம் விசாரித்துப் பெற்ற வீட்டு முகவரிக்கு முதல் கடிதத்தை அனுப்பாதீர்கள். நீங்கள் தேடி விசாரித்த செய்தி கடிதத்துக்கு முன்பே அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

அலுவலக முகவரிக்குப் போகும் உறையை எழுத்தர் பிரித்துப் படிக்கக்கூடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எழுத்தர் படித்தால் கூச்சப்பட வேண்டிய வரி ஏதாவது கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முதல் கடிதத்துக்கு அந்த வரி பொருந்தாது. இந்தச் சோதனையை எல்லாரிடமும் நான் வலியுறுத்துகிறேன்.

எப்படி விளிப்பது? 'அன்புள்ள' என்று தொடங்கினால் தவறா? 'சகோதரர்' என்று போட்டால் பாதுகாப்பா?

பெண்கள் மிகுதியும் தடுமாறும் இடம் இதுதான். நேரில் பேசும்போது 'சார்' என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறது. தாளில் எழுதும்போது அதற்கு ஈடாக நிற்பது 'ஐயா'. வயதிலோ பதவியிலோ மூத்தவருக்கு 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்குவது எந்த இடத்திலும் பிசகாது. ஏறத்தாழ உங்கள் வயதினர், உங்கள் துறையினர் என்றால் 'மதிப்பிற்குரிய' என்பதோடு அவர் பெயரையும் 'அவர்களுக்கு' என்பதையும் சேர்த்து எழுதலாம். முனைவர் பட்டம் பெற்றவரானால் பெயருக்கு முன்னால் அதைச் சேர்க்க வேண்டும்.

'அன்புள்ள' என்பது தமிழ்க் கடிதத்தில் தந்தைக்கும் எழுதும் சொல், பத்திரிகை ஆசிரியருக்கும் எழுதும் சொல், ஆகவே அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் 'அன்புள்ள' என்பதற்குப் பின்னால் 'திரு', 'அவர்களுக்கு' எதுவும் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் நின்றால், ஒரே ஒரு முறை சந்தித்தவரிடம் அது நெருக்கத்தைக் காட்டிவிடும். முதல் கடிதத்தில் அதைத் தவிர்த்துவிட்டு, அவர் பதிலில் உங்களை எப்படி விளிக்கிறார் என்று பார்த்துக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம்.

'அன்புச் சகோதரருக்கு' என்று எழுதினால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள் என்ற நம்பிக்கை நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அது எழுந்த காரணம் எனக்குப் புரிகிறது, எழுதுபவர்களை நான் குறை சொல்லவும் இல்லை. ஆனாலும் அதை நான் பரிந்துரைப்பதில்லை. பொறியாளரிடம் ஆசிரியை பேசியது தூம்பைப் பற்றி. அங்கே கேட்காத ஓர் உறவை முதல் வரியிலேயே கொண்டுவந்து வைத்தால், அதை ஏற்பதா விடுவதா என்ற சிக்கலை அவருக்கு ஏற்படுத்துகிறோம். வேறொன்றும் இருக்கிறது. 'சகோதரர்' என்ற சொல் ஒரு வேலியாகத்தான் போடப்பட்டிருக்கிறது என்பது படிப்பவருக்கு உடனே விளங்கும். தம்மை அஞ்சியே வேலி போட்டிருக்கிறார் என்ற எண்ணம் கண்ணியமான மனிதரை வருத்தும், கண்ணியமில்லாதவரை அது தடுக்கவும் போவதில்லை. இயக்கக் கூட்டங்களில் ஆண், பெண் வேறுபாடின்றி எல்லாரும் 'தோழர்' என்றே அழைத்துக்கொள்ளும் இடங்களில் மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. நீங்கள் சந்தித்ததும் அத்தகைய கூட்டத்தில் என்றால் 'தோழர்' என்றே தொடங்குங்கள்.

'தாங்கள்' என்று தொடங்கினால் முடியும் வரை 'தாங்கள்', 'நீங்கள்' என்று தொடங்கினால் முடியும் வரை 'நீங்கள்' என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் 'தாங்கள் கூறினீர்கள்' என்று எழுதிவிட்டு மூன்றாம் பத்தியில் 'உங்களுக்கு' என்று இறங்கி வருவது, எழுதும்போது மனம் நெகிழ்ந்ததைக் காட்டிக்கொடுக்கும்.

'தொடர்பில் இருக்கலாம்' என்பதை எப்படித்தான் எழுதுவது?

அந்தச் சொற்களில் எழுதாமல் இருப்பதே முதல் வழி. ஆசிரியை என்னிடம் முதலில் காட்டிய வரைவில் இந்த வரிகள் இருந்தன:

"தங்களைச் சந்தித்தது என் வாழ்வில் மறக்க முடியாத அனுபவம். தங்களோடு எப்போதும் தொடர்பில் இருக்க விரும்புகிறேன். தங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்."

ஒவ்வொரு வரியும் தனித்தனியே மரியாதையானதுதான், ஆனால் மூன்றும் சேரும்போது தூம்பு மறைந்துவிடுகிறது, அந்த மனிதர் மட்டும் நடுவில் நிற்கிறார். 'எப்போதும் தொடர்பில்' என்றால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கவில்லை. மாதம் ஒரு கடிதமா, தொலைபேசியா, நேரில் பார்ப்பதா? 'காத்திருக்கிறேன்' என்ற சொல்லோ, பதில் எழுதாத ஒவ்வொரு நாளையும் அவருடைய குற்றமாக்கிவிடுகிறது. இதையெல்லாம் பேசிய பிறகு அவரே உட்கார்ந்து எழுதி அனுப்பிய கடிதம் பின்வருவது. வலப்பக்க மேல் மூலையில் ஊரும் நாளும் இருந்தன.

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். கடந்த மாதம் மதுரையில் நடந்த ஏரிப் பாசனக் கருத்தரங்கின் இரண்டாம் நாள் மதிய உணவின்போது, ஏரிக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்களின் படத்தைத் தங்களிடம் காட்டிய வரலாற்று ஆசிரியை நான். அது குமிழித் தூம்பு என்று கூறி, தண்ணீர் வற்றியதும் துளைகளை அளந்து பார்க்கும்படி சொன்னீர்கள்.
>
> சென்ற ஞாயிற்றுக்கிழமை மாணவர் நால்வரோடு சென்று அளந்தேன். மேலே உள்ள நீரோடித் துளையின் விட்டம் ஒரு சாண் இருக்கிறது. அடியில் சேறோடித் துளை ஒன்று மட்டுமே கண்ணுக்குத் தென்பட்டது. மற்றது மண்ணில் புதைந்துவிட்டதா, முதலிலிருந்தே ஒன்றுதானா என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை. அளவுகளை இரண்டாம் தாளில் வரைந்திருக்கிறேன்.
>
> எங்கள் ஒன்றியத்தில் இத்தகைய தூண்கள் நிற்கும் ஏரிகள் இன்னும் ஏழு இருக்கின்றன. கோடை முடிவதற்குள் அவற்றையும் அளந்து, ஓர் ஏரி முடிந்ததும் அதன் விவரத்தைத் தங்களுக்கு எழுதி அனுப்ப விரும்புகிறேன். நேரம் வாய்க்கும்போது, நான் தவறாகப் புரிந்துகொண்ட இடத்தைத் தாங்கள் சுட்டிக்காட்டினால் போதும். தூண்களில் எழுத்து ஏதேனும் இருந்தால் படியெடுத்து, படித்தவரையில் தங்களுக்கு எழுதி அனுப்புவேன்.
>
> தங்கள் பணிகளுக்கு இடையே இது இயலாதென்றால் இக்கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. இந்த அளவுகள் தங்களிடமே இருக்கட்டும்.
>
> நன்றியுடன்,
> (முதலெழுத்தோடு பெயர்)
> வரலாற்று ஆசிரியை
> (பள்ளி முகவரி)

மூன்றாம் பத்தியைக் கவனியுங்கள். தொடர்ந்து எழுதிக்கொள்வோம் என்ற வேண்டுகோள் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. ஏழு ஏரிகள், கோடை முடியும் வரை என்று அளவும் காலமும் தெரிகின்றன. பெரிய வேலையை அவர் தாமே ஏற்றுக்கொண்டு, பொறியாளரிடம் சிறிய வேலையைக் கேட்கிறார். பொறியாளருக்கு எளிதில் கிடைக்காத ஒன்றை, அதாவது கல்லில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்வதை, தம் பங்காகத் தருகிறார். கேட்பதோடு கொடுப்பதும் சேர்ந்தால்தான் இருவரும் சமமாக உட்கார்ந்து பேச முடியும்.

கடைசிப் பத்தி இல்லாமலே கடிதம் நன்றாக இருக்கிறதே என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. விருப்பமில்லாதவர் மறுப்பு எழுத வேண்டிய தருமசங்கடத்துக்கு ஆளாகாமல் விலகிக்கொள்ள அதுதான் வழிவிடுகிறது. மௌனத்தையே ஒரு பதிலாக முன்கூட்டி ஏற்றுக்கொண்டுவிட்டதால், பதில் வராவிட்டாலும் எழுதியவருக்கு அவமானமில்லை.

காதல் கடிதம் என்று அவரோ அவர் வீட்டினரோ எடுத்துக்கொண்டால்?

எந்தக் கடிதத்தையும் தவறாகப் படிக்க முடியும் என்பதால் முழுப் பாதுகாப்பு என்று ஒன்றில்லை. ஆனால் தவறாகப் படிக்கப்பட்ட வரைவுகளை நான் பார்த்தவரையில், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் குற்றம் ஒரே வகையான வரியில்தான் இருந்தது. அவர் சொன்னதைப் பற்றி எழுதாமல், அவர் சொன்ன விதத்தைப் பற்றி எழுதிய வரி. 'தாங்கள் விளக்கிய முறை என் மனத்தில் நிற்கிறது', 'தங்கள் எளிமை என்னைக் கவர்ந்தது' என்பவை எழுதியவர் மனத்தில் வெறும் பாராட்டுகள்தாம். தாளில் அவை வேறு முகம் காட்டுகின்றன. 'சேறோடித் துளை பற்றித் தாங்கள் கூறியதை வகுப்பில் விளக்கினேன்' என்பதிலும் அதே பாராட்டு இருக்கிறது, ஆனால் அதை யாரும் திரித்துப் படிக்க முடியாது.

நீங்கள் மணமானவரா இல்லையா என்பதைக் கடிதத்தில் எங்கும் குறிப்பிடத் தேவையில்லை. 'என் கணவரும் தங்களை விசாரித்தார்' என்ற வரியை அவரைச் சந்தித்தே இராத கணவரின் பெயரால் செருகுவதும், கையெழுத்தில் திருமதி, செல்வி என்று சேர்ப்பதும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதாகவே முடியும். முதலெழுத்தோடு பெயர், அதன் கீழே உங்கள் தொழில், அவ்வளவு போதும்.

என்ன தாள், என்ன பேனா, எப்படி அனுப்புவது?

கோடில்லாத வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். பூ அச்சிட்ட வண்ணத் தாள் இந்தக் கடிதத்துக்கு ஆகாது. பேனாவைப் பொறுத்தவரை பந்துமுனைப் பேனாவே பாதுகாப்பானது. பேனா மையில் வழக்கமான ராயல் ப்ளூ தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் தன்மையது, மழைக்காலத்தில் உறை நனைந்தால் அளவுகளெல்லாம் அழிந்துபோகும். உறையின் மீது முகவரி எழுதுவதற்காவது அந்த மையைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்லாண்டு கடிதம் 2.50 ரூபாய்தான், ஆனால் அதற்குள் வேறு தாள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது. படமோ அளவோ இணைப்பதானால் உறைதான் வழி. உறைக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். வழக்கமான ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம் இருப்பதால், இரண்டு தாளும் சாதாரண உறையும் அந்த எடைக்குள் அடங்கிவிடும். அஞ்சல் குறியீட்டு எண்ணின் ஆறு இலக்கங்களையும் கட்டங்களில் தெளிவாக எழுதுங்கள்.

பதிவுத் தபாலில் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். 2025ஆம் ஆண்டில் பதிவுத் தபால் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. எந்தப் பெயரில் இருந்தாலும், கையெழுத்திட்டு வாங்க வேண்டிய உறை நம் ஊரில் வழக்கறிஞர் நோட்டீசையே நினைவூட்டுகிறது. கிடைத்ததை அவர் மறுக்க முடியாதபடி செய்வது நோக்கமல்லவே. சாதாரணத் தபாலில் அனுப்புங்கள், அனுப்புமுன் உங்களுக்காக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்காக அஞ்சல்தலை ஒட்டிய உறையை உள்ளே வைக்கலாமா? தொலைபேசி எண்?

உறையை வைக்காதீர்கள். அலுவலகத்துக்கு மனுச் செய்பவர் சுயமுகவரியிட்ட உறை வைப்பது முறை, ஆனால் இங்கே அது பதிலைக் கட்டாயப்படுத்தும். பெறுபவர் இலங்கையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் இந்திய அஞ்சல்தலை அங்கே செல்லவும் செல்லாது.

தொலைபேசி எண்ணை முதல் கடிதத்தில் நான் தரச் சொல்வதில்லை. எண் கிடைத்தால் பெரும்பாலோர் எழுதாமல் அழைத்துவிடுவார்கள், அழைக்கும் நேரம் அவர்கள் தேர்ந்ததாக இருக்கும். கடிதத்தில் உங்களுக்கு யோசிக்க இடமிருக்கிறது. விரைவாகப் பதில் வேண்டுமென்றால் பணிக்குப் பயன்படுத்தும் மின்னஞ்சல் முகவரியைச் சேர்க்கலாம்.

பதிலே வரவில்லை. மறுபடி எழுதலாமா?

ஆறு வாரம் பொறுத்திருங்கள். அலுவலகத் தபால் மேசை மேசையாக நகர்வதற்கும், அவர் முகாமிலிருந்து திரும்பி வருவதற்கும் அவ்வளவு காலம் ஆவது உண்டு. அதன் பிறகு ஒருமுறை மட்டும் எழுதலாம், அதுவும் புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டுமே. 'என் கடிதம் கிடைத்ததா' என்று கேட்பதற்காக எழுதக் கூடாது. ஆசிரியைக்கு ஐந்தாம் வாரத்தில் பதில் வந்தது. வராமல் இருந்திருந்தால், இரண்டாம் ஏரியின் அளவுகளோடு ஒரு தாள் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்வதாக நாங்கள் பேசி வைத்திருந்தோம். இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லையென்றால், அந்த அளவுகளை வேறு யாருக்கு அனுப்பலாம் என்று யோசிக்க வேண்டியதுதான்.

பதில் வந்தது, ஆனால் என் சொந்த விவரங்களைக் கேட்கிறார். என்ன செய்வது?

ஒரு கேள்வியை வைத்தே முடிவுகட்டிவிடாதீர்கள். சொந்த ஊர் எது, எத்தனை ஆண்டுகளாகப் பணியில் இருக்கிறீர்கள் என்பவை நம்மிடையே அறிமுகத்தின் இயல்பான கேள்விகள். அவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பலாம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், மாலையில் தனியாக இருப்பீர்களா, படம் அனுப்ப முடியுமா என்பவற்றுக்குப் பதிலே எழுதாமல், கடிதத்தின் மற்றப் பகுதிக்கு மட்டும் பதில் எழுதுங்கள். புரிந்துகொள்பவர் அடுத்த கடிதத்தில் அந்தக் கேள்வியை விட்டுவிடுவார்.

அடுத்த கடிதத்திலும் அது தொடர்ந்தால், 'ஏரிகளின் அளவுகள் குறித்த செய்திகளை மட்டுமே எழுதிக்கொள்ள விரும்புகிறேன்' என்று ஒரே ஒரு வாக்கியத்தைக் கடிதத்தின் முதல் வரியாக, விளக்கமோ வருத்தமோ சேர்க்காமல் எழுதுங்கள். அதற்குப் பிறகும் மாறவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள், வந்த கடிதங்களைக் கிழித்துப் போடாமல் நாள் குறிப்பிட்டு எடுத்து வையுங்கள். ஏரிகள் அங்கேதான் இருக்கும். அளவுகளைச் சரிபார்த்துச் சொல்ல வேறொரு பொறியாளர் கிடைப்பார்.